மைக்கில் மோதும் காற்று

பகலில் கடற்கரையில் பேட்டி எடுத்தால் பதிவு முழுக்க ‘படபட’வென்று கேட்கும். மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் காற்று நேராக மோதுவதால் வரும் சத்தம் அது. பஞ்சு உறை இளங்காற்றுக்குத்தான் தாங்கும். கடற்காற்றுக்கு நீண்ட ரோமம் வைத்த உறை வேண்டும். ரோமங்கள் காற்றின் வேகத்தை உடைத்துவிடும். நனைந்து ஒட்டிக்கொண்டால் அதனால் பெரிய பயனில்லை.

பேசுபவரைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். சட்டையில் குத்திய மைக்குக்கு அவர் உடம்பே மறைப்பு. ஆனால் உடம்பைச் சுற்றி வரும் காற்று நெஞ்சருகே சுழலும். ஹெட்போனில் கேட்டபடியே அவரைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள், உறுமல் குறையும் இடம் தெரியும்.

மிச்சத்துக்கு ரெக்கார்டரின் லோ-கட் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 150-ஐத் தாண்டினால் ஆண்குரல் மெலிந்துவிடும். மீட்டர் உச்சியில் முட்டிச் சிதைந்த ஒலியைப் பின்னால் வடிகட்டி மீட்க முடியாது.