ஒரு சுற்றுக்கு எத்தனை உதறல்?

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே தண்ணீர் ஏற்றும் பம்பை 50 எச்.பி. மோட்டார் ஒன்று பின்–புஷ் கப்ளிங் வழியாக ஓட்டிக்கொண்டிருந்தது. “ரோட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் பேலன்ஸ் பண்ணிட்டு வந்துட்டோமுங்க. முன்னால 6.4 காட்டுச்சு, இப்ப 6.2 காட்டுது. செலவு பண்ணதுக்கு ஒண்ணும் குறையலீங்க” என்றார் ஃபோர்மேன்.

அவர் சொன்ன எண், பேரிங் இருக்கும் உறை எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதை வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வது. இந்த அளவு மோட்டார் உறுதியான அடித்தளத்தில் நின்றால், ஐ.எஸ்.ஓ. 20816-3 தரநிலைப்படி 2.8-ஐத் தாண்டுவதே நீண்ட நாள் ஓட்டத்துக்கு ஏற்றதல்ல; 4.5-க்கு மேல் போனால் இயந்திரம் கெட்டுப்போகும். ஆக 6.2 ஆபத்தான எண்தான். ஆனால் அது மொத்தக் கணக்கு. காய்ச்சல் 102 என்றால் உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரியும், எந்த நோய் என்று தெரியாது. நோயின் பெயரைச் சொல்வது அதிர்வு நிறமாலை, அதாவது ஸ்பெக்ட்ரம். மொத்த அதிர்வைப் பிரித்து, வினாடிக்கு எத்தனை முறை வரும் அதிர்வு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கருவி தனித்தனிக் கோடுகளாகத் திரையில் நிறுத்திக் காட்டும்.

கோடுகளைப் படிக்கும் முன் ஷாஃப்டின் வேகம் சரியாகத் தெரிய வேண்டும். இந்த மோட்டார் நிமிடத்துக்கு 1,480 சுற்று சுற்றியது. 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 24.67 சுற்று, அதாவது 24.67 ஹெர்ட்ஸ். திரையில் அந்த இடத்துக்கு 1X என்று பெயர். அதன் இரு மடங்கு 2X, மும்மடங்கு 3X.

ரோட்டரின் ஒரு பக்கம் கனமாக இருந்தால், அந்தக் கனம் சுற்றி வரும்போது பேரிங்கை ஒரு சுற்றுக்கு ஒரு முறை வெளிப்பக்கமாகத் தள்ளும். தள்ளல் திடீரென்று வருவதில்லை, அலைபோல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதனால் திரையில் 1X மட்டும் ஓங்கி நிற்கும், மற்றவை தரையோடு கிடக்கும். தள்ளல் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும்தான். ஷாஃப்டின் நீளவாக்கில் அதிகம் இருக்காது. பேலன்ஸ் கோளாற்றின் முகம் இது.

சாயப்பட்டறை மோட்டாரின் கப்ளிங் பக்கத்துப் பேரிங்கில் சென்சாரை வைத்து மூன்று திசையிலும் பார்த்தேன். கிடைமட்டத்தில் 1X-இல் 2.4தான், 2X-இல் 5.6. நீளவாக்கில் 1X 3.2, 2X 3.6. தனித்தனிக் கோடுகளை நேரடியாகக் கூட்டினால் மொத்தம் கிடைக்காது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 6.2-இல் பெரும்பங்கு 2X-உடையது. பேலன்ஸ் செய்தவர் 1X-ஐ அடியோடு துடைத்திருந்தாலும் மொத்தம் 5.7-க்குக் கீழே இறங்கியிருக்காது. வேலை சரியாக நடந்திருக்கிறது, ஆனால் நோய் வேறு இடத்தில் இருந்தது.

இரண்டு ஷாஃப்டுகள் ஒரே நேர்கோட்டில் இல்லாதபோது கப்ளிங் அவற்றை வலிந்து பிடித்துச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்குள் ரப்பர் புஷ்கள் நசுங்கி விரியும், ஷாஃப்ட் வளைந்து நிமிரும். இந்த இழுபறி பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு இருமுறை வலுக்கும். 2X உயரும் காரணம் அதுதான். ஷாஃப்டுகள் கோணலாகச் சந்தித்தால் நீளவாக்கு அதிர்வும் எழும். பேலன்ஸ் கோளாறு நீளவாக்கில் இவ்வளவு தள்ளாது என்பதால், அந்த மூன்றாவது அளவீட்டை நான் ஒருபோதும் விடுவதில்லை. அவசரத்தில் பலர் விடுவதும் அதைத்தான்.

இருந்தும் 2X-ஐப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வளைந்த ஷாஃப்டும் நீளவாக்கில் 1X, 2X கோடுகளை எழுப்பும். ஆகவே கப்ளிங்கின் பின்களைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டினோம். 1X 0.7-க்கு வந்தது, 2X தெரியவே இல்லை. மோட்டாரின் ஷாஃப்ட் நேராக இருக்கிறது, ரோட்டரும் நல்ல பேலன்ஸில் இருக்கிறது என்று உறுதியானது. பம்பின் இம்பெல்லரைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

டயல் கேஜைக் கப்ளிங்கில் பொருத்திக்கொண்டு, பம்பின் உறிஞ்சு குழாய் ஃபிளாஞ்சின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னேன். கடைசிப் போல்ட் விட்டபோது முள் 0.4 மில்லிமீட்டர் நகர்ந்தது. குழாய்தான் பம்பை இழுத்துப் பிடித்திருக்கிறது. எத்தனை முறை அலைன்மென்ட் பார்த்தாலும் குழாயை முடுக்கியதும் அது கெட்டுப்போயிருக்கும். குழாயை வெட்டி, ஃபிளாஞ்ச் தானாக ஒட்டி உட்காரும்படி மறுபடி பற்றவைத்து, ஷாஃப்டுகளை 0.05-க்குள் கொண்டுவந்தோம். மொத்த அதிர்வு 2-க்குக் கீழே இறங்கியது.

மூன்று வாரம் கழித்து ஃபோர்மேன் மீண்டும் அழைத்தார். “இப்ப மேலாக்க 3.5 காட்டுதுங்க.”

இம்முறை படம் முற்றிலும் வேறு. செங்குத்துத் திசையில் 1X 2.0, 2X 1.6, 3X 1.8, பிறகு 4X, 5X, 6X என்று சீப்பின் பற்கள்போலக் கோடுகள். பாதிச் சுற்றுக்குரிய 0.5X-இலும் ஒரு சிறு கோடு. இது தளர்வின் முகம். ஆடும் கால் உள்ள மேசையை நினைத்துப் பாருங்கள். அழுத்தினால் தரையில் முட்டி நிற்கும், விட்டால் எழும்பும். தளர்ந்த மோட்டார் காலும் அப்படித்தான்: மேலே தடையில்லாமல் எழும்புகிறது, கீழே வந்து மோதுகிறது. அலையின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுப் போகிறது. வழவழப்பான அலையை வரைய ஒரு கோடு போதும். வெட்டுப்பட்ட அலையை உருவாக்கப் பல கோடுகள் சேர வேண்டும். சில சமயம் கால் ஒரு சுற்றில் எழும்பி, அடுத்த சுற்றில்தான் மோதும். அப்போதுதான் 0.5X வருகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மோட்டாரின் காந்த இழுப்பு 100 ஹெர்ட்ஸில் அதிரும். இந்த மோட்டாரின் 4X 98.7. கருவியில் கோடுகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். 3,000 சுற்றுக்கு அருகில் ஓடும் மோட்டாரில் இது இன்னும் மோசம்: 2X-ஏ 100-க்கு அருகில் வந்து, மின் அதிர்வை அலைன்மென்ட் கோளாறு என்று நம்ப வைத்துவிடும். ஸ்விட்சை அணைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். மின் அதிர்வு அந்தக் கணமே மறையும். இயந்திர அதிர்வு சுழற்சி தணியத் தணியத்தான் குறையும். நாங்கள் அணைத்தபோது அந்த இடத்தில் கொஞ்சம் உடனே சரிந்தது, மீதி வேகத்தோடு மெல்ல இறங்கியது.

அடுத்து, எந்தக் கால் என்று தெரிய வேண்டும். சென்சாரை முதலில் மோட்டாரின் கால்மீதும், பிறகு இரண்டு அங்குலம் தள்ளி அடிச்சட்டத்தின்மீதும் வைத்தேன். மூன்று கால்களில் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்று. நான்காவதில் கால் 3.3, சட்டம் 0.9. இறுக்கமாகச் சேர்ந்த இரண்டு இரும்புகள் இப்படி வேறுவேறாக அசைய முடியாது. போல்ட்டைக் கழற்றினால், அடியில் துருப்பிடித்த ஏழு ஷிம் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அத்தனை மெல்லிய தகடுகள் ஸ்பிரிங்போல அமுங்கும். துரு உதிர உதிர போல்ட்டும் தளரும். அலைன்மென்ட்டுக்கு முன்பே அந்தக் கால்களை நான் சோதித்திருக்க வேண்டும். முறைப்படி அதுதான் முதல் வேலை. துருவைச் சுரண்டி, துருப்பிடிக்காத எஃகில் இரண்டே தடித்த ஷிம் வைத்து இறுக்கி, அலைன்மென்ட்டை மறுபடி சரிபார்த்தோம்.

அன்று மாலை எடுத்த படத்தில் 1X-இல் 1.1 உயரத்துக்கு ஒரே கோடு, 100 ஹெர்ட்ஸில் ஒரு சிறு முனை, அவ்வளவுதான். முதலில் செலவழித்துச் செய்த பேலன்ஸ் வேலை எவ்வளவு நன்றாக நடந்திருக்கிறது என்பதை ஃபோர்மேன் அப்போதுதான் பார்த்தார்.