சுருட்டை போச்சே என்று பார்லருக்கு ஓடுமுன்

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளை பெற்ற வீடுகளில் நாலாம் மாதம் கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. "சுருட்டை முடிம்மா எனக்கு. இப்பப் பாரு, சுருளும் இல்ல, நேராவும் இல்ல, தேங்காய் நாராட்டம் நிக்குது." அம்மாவின் பதிலும் தயாராக இருக்கும்: "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்டி, தானா சரியாப் போகும்." அம்மா சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அவர் சொல்வது தவறாகிப் போகிற சில பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தறிய ஒரு முடியும் இரண்டு ரத்தப் பரிசோதனையும் போதும். அதற்குள் பார்லரில் ஸ்மூத்தனிங் செய்ய ஐயாயிரம், எட்டாயிரம் கொடுப்பதுதான் நம் ஊர்களில் இப்போது நடக்கிறது.

முதலில் முடியைப் பார்ப்போம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். தோலுக்கு வெளியே வந்துவிட்ட பகுதிக்கு உயிர் கிடையாது. ஹார்மோன் மாறினாலும் காய்ச்சல் வந்தாலும் அது வேரில் உருவாகிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் மாற்றும், ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிற பின்னலை அல்ல. இடுப்பு வரை முடி இருப்பவருக்கு நுனி ஐந்து வருடத்துக்கு முந்தையது, கல்யாணத்துக்கும் முன்னால் முளைத்ததாகக்கூட இருக்கலாம். ஆகவே சீப்பில் வந்த ஒரு முழு முடியை எடுத்து வெள்ளைத் தாளில் நீட்டி வைத்துப் பாருங்கள். வேர்ப் பக்கம் பழையபடி இருந்து நுனி மட்டும் சொரசொரப்பாக இருந்தால் உடம்புக்குள் காரணம் தேடவேண்டாம். அயர்ன், சாயம், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணி, வெயில் என்று வெளியே தேடுங்கள். புகுந்த வீடு மாறி, ஆற்றுத் தண்ணீரிலிருந்து போர் தண்ணிக்குப் போனவர்களுக்கு இது சாதாரணம். நுனி பழையபடி இருந்து வேர்ப் பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றம் உள்ளிருந்து வந்தது. மாறிய நீளத்தை அளந்தால் எத்தனை மாதத்துக்கு முன் தொடங்கியது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். சின்னமனூரில் ஒருத்திக்குச் சித்திரை தொடக்கத்தில் பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடியிருப்பதால் உதிரவேண்டிய முடியெல்லாம் உதிராமல் தலையிலேயே நிற்கும். எட்டாம் மாதத்தில் முடி அடர்த்தியாக இருந்ததே என்று பலரும் ஏங்குவது இதனால்தான். பிரசவத்தோடு ஈஸ்ட்ரோஜன் இறங்க, நின்றிருந்த முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வு சுமார் மூன்று மாதம். ஆடி, ஆவணியில் கொத்துக்கொத்தாக விழும். அதே குழியிலிருந்து புது முடி முளைக்கத் தொடங்கும். தைப் பொங்கலுக்கு அந்தப் புது முடி நாலைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் புசுபுசுவென்று எழுந்து நிற்பது அதுதான். கீழே இழுக்க நீளமும் கனமும் இல்லாததால் அது சுருளவும் முடியாது, படியவும் செய்யாது. இவற்றின் முனை கூர்மையாக இருக்கும். உடைந்த முடியின் முனை மொண்ணையாகவோ பிளந்தோ இருக்கும். கையில் லென்ஸ் இருந்தால் இந்த வித்தியாசத்தை நீங்களே காணலாம்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலோருக்கு அடர்த்தி திரும்பிவிடுகிறது. சுருள் மட்டும் சிலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. முடிக்குழியின் வளைவுதான் சுருளைத் தீர்மானிக்கிறது. அது ஏன் சிலருக்கு மட்டும் மாறுகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முழு விடை இல்லை. அதை மீட்டுத் தருகிற எண்ணெய் எதுவும் கிடையாது. அப்படி விற்பவர்களிடம் விலையைக்கூடக் கேட்காதீர்கள்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயதுக்கு வரும் பருவத்தில் நேர்முடி சுருளாவது இயல்பு. அதோடு மாதவிலக்குத் தள்ளிப்போய், தாடையில் முடியும் வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையைப் பார்க்கவேண்டும். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டி, பிறகு குட்டை முடி எழும். கணக்கு பிரசவத்துக்குச் சொன்னதுதான். கீமோதெரபிக்குப் பின் நேர்முடிக்காரருக்குச் சுருளாக முளைப்பதுண்டு. பலருக்கு அது நாளடைவில் பழைய நிலைக்கு வருகிறது.

இனி அம்மாவின் பதில் தவறாகும் இடம். பிரசவத்துக்குப் பிந்தைய வருடத்தில் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, முதலில் அதிகமாகச் சுரந்து, பிறகு நாலாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள் குறைவாகச் சுரக்கும். குறையும்போது முடி வறண்டு, தடித்து, ஒடியும். புருவத்தின் வெளிக்கடைசி மெலியும். கூடவே அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுதல். கைக்குழந்தை வைத்திருப்பவர் எவரும் இந்த அசதியை நோய் என்று நினைக்கமாட்டார். வீட்டிலும் நினைக்கமாட்டார்கள். டி.எஸ்.எச். என்கிற ஒரு ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். இரண்டாவது பரிசோதனை ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். முடிவு சிக்கலாக இருந்தால் க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை என்பது அரசுத் திட்டத்தில் உள்ளது. பிள்ளை பிறந்ததும் மாத்திரையும் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். விழுங்கியவுடன் டீயோ கட்டன் சாயாவோ குடித்தால் இரும்பு உடம்பில் ஏறாது. விடியற்காலை ஜீப் ஏறி குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் மாத்திரையை ராத்திரிக்கு வைத்துக்கொள்வது நல்லது. தைராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள் அதைக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்து, இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடிக்கென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் அதிக அளவில் இருக்கும். ரத்தத்தில் அது நிறைய இருந்தால் சில ஆய்வக இயந்திரங்கள் டி.எஸ்.எச். அளவைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டியும் காட்டும். உண்மையில் தைராய்டு குறைவாக இருப்பவருக்கு எல்லாம் சரி என்றோ, அதிகம் என்றோ முடிவு வரும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதுபற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்துங்கள். எடுத்துக்கொண்டிருந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பார்லருக்கு வருவோம். கெரட்டின், ஸ்மூத்தனிங் என்று பல பெயரில் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். முடியை அலசிவிட்டுக் கிரீம் தடவுவார்கள், ஊறவைத்து உலர்த்துவார்கள், 200 டிகிரியைத் தாண்டிய அயர்னால் இழுப்பார்கள். முன்பு இதில் ஃபார்மால்டிஹைடு பிரச்சினையாக இருந்தது. அது இல்லை என்று விளம்பரம் செய்கிற கிரீம்கள் பலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் வந்தது. தலைத்தோல் வழியாக உள்ளே போகும் இந்த அமிலம் உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி. மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரீமில் 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் அமிலம் இருந்தது. எலிகளின் முதுகில் அதைத் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்திலும் ஆக்ஸலேட் படிகம் வந்தது. இஸ்ரேலில் இப்படிச் சிறுநீரகம் பாதித்த 26 பெண்களைப் பற்றி 2023-ல் ஓர் அறிக்கை வந்திருக்கிறது. அவர்களில் மூவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

ஆகவே தலைத்தோல் எரிந்தால் பொறுத்துக்கொண்டு உட்காரவேண்டாம், உடனே அலசச் சொல்லுங்கள். அன்றோ அடுத்த சில நாளிலோ வாந்தி, வயிற்று வலி, முதுகு வலி வந்தால் பித்தம் என்று இஞ்சி தட்டிப் போடாமல் மருத்துவமனைக்குப் போய், முடி நேராக்கியதைச் சொல்லி, கிரியேட்டினின் பரிசோதனை கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்த எண்ணமே வராது. பிள்ளைக்கு ஒரு வயதாகாத நிலையில் இதைச் செய்துகொள்வதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மருந்து படுவது வெளியே இருக்கும் முடிக்குத்தான். ஆறு மாதத்தில் ஆறு சென்டிமீட்டர் வேறு வாகில் வளர்ந்து வர, பழையதும் புதியதும் சேரும் இடத்தில் முடி ஒடியும்.

கிரீம் தடவுமுன் டப்பாவைப் பார்க்கக் கேளுங்கள். 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்தவேண்டிய கடைசித் தேதி, சேர்மானங்கள் எல்லாம் அதில் இருக்கவேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்துத் தடவினால் எழுந்து வந்துவிடுங்கள். லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் பணத்தை யு.பி.ஐ.-யில் அனுப்புங்கள். அந்தப் பதிவே சாட்சி.

சாட்சி ஏன் முக்கியம் என்பதற்கு டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூன் வழக்கைப் பாருங்கள். 2018-ல் சொன்னதைவிட மிகக் குட்டையாக முடியை வெட்டியதற்கு ஒரு பெண் வழக்குப் போட்டார். 2021-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு என்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சேவைக் குறைபாடு என்ற முடிவில் தலையிடவில்லை. ஆனால் இழப்பு இவ்வளவு என்று காட்ட ஆவணம் இல்லை என்று தொகையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. நம்மூர்ப் பெண்ணுக்கு முடி ஒடிந்தாலோ தோல் வெந்தாலோ, முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மருத்துவர் சீட்டு, சிகிச்சைச் செலவு ரசீது, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி ஆகியவைதான் தொகையைத் தீர்மானிக்கும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பார்லர் மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டுவிடவேண்டும்.