பாஞ்ச் சாப் முதல் படா சாப் வரை

"ஹெவி ஃபியூயல் ஆயில் பியூரிஃபையர் ஓவர்ஃப்ளோ ஆகிறது. என்ன செய்வீர்கள்?"

கப்பல் எஞ்சினியராக விரும்பும் இளைஞர் மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட்டின் வாய்மொழித் தேர்வறைக்குள் நுழையும் முன் இந்தக் கேள்விக்குத் தயாராகியிருப்பார். இந்தக் கேள்வி அவரை அடுத்தடுத்த தேர்வுகளிலும் தொடரும். கேள்வி மாறாது. ஆனால் கிளாஸ் ஃபோர் தேர்வில் போதுமான பதில் கிளாஸ் டூ தேர்வில் போதாது, கிளாஸ் ஒன் தேர்வில் அதையும் தாண்ட வேண்டும். கப்பல் எஞ்சினியரின் பதவி உயர்வைப் புரிந்துகொள்ள இந்த ஒரு இயந்திரத்தைப் பின்தொடர்ந்து போனாலே போதும்.

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடலாம். பெரிய கப்பல்களின் எரிபொருள், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கறுப்பான, கெட்டியான எண்ணெய். அதில் தண்ணீரும் மண்ணும் கலந்திருக்கும். அதைச் சுமார் 98 டிகிரி வரை சூடாக்கி, நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் ஒரு கிண்ணத்துக்குள் விடுகிறார்கள். கனமான தண்ணீரும் கசடும் விளிம்புக்கு ஒதுங்க, சுத்தமான எண்ணெய் நடுவிலிருந்து வெளியேறுகிறது. ஸ்வீடன் நாட்டு குஸ்டாஃப் டி லாவால் 1878இல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்க வடிவமைத்த இயந்திரத்தின் வாரிசு இது. கிண்ணத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு வளையமாகத் தண்ணீர் நின்று, எண்ணெய் அந்தப் பக்கம் போகாமல் தடுக்கும். இதை வாட்டர் சீல் என்பார்கள். சீல் உடைந்தால் நல்ல எண்ணெயும் அழுக்குத் தண்ணீர் போகும் வழியில் கொட்டத் தொடங்கும். அதுதான் ஓவர்ஃப்ளோ.

கப்பலுக்குள் போகும் பாதைகளில் இரண்டு முக்கியமானவை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 விழுக்காடு பெற்றவர்கள், இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதி நான்காண்டு பி.டெக். மரைன் எஞ்சினியரிங்கில் சேரலாம். பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில்தான் இருக்கிறது. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தவர்களுக்கு ஜி.எம்.இ. என்னும் ஓராண்டுப் படிப்பு உண்டு. இரண்டு பாதைக்கும் மருத்துவப் பரிசோதனை பொதுவானது. கண்ணாடி அணிந்தவர்களுக்கு ஒரு வரம்பு வரை அனுமதி உண்டு. நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இல்லை. ஆகவே கட்டணம் கட்டும் முன்பே அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

படிப்பு முடிந்ததும் தீயணைப்பு, கடலில் உயிர் காத்தல், முதலுதவி போன்ற குறுகிய பயிற்சிகள் உண்டு. அவற்றை முடித்து சி.டி.சி. எனப்படும் கடற்பணிப் புத்தகமும் வாங்கியபின் முதல் கப்பல் கிடைக்க வேண்டும். அங்கே அவர் பயிற்சி எஞ்சினியர், அதாவது ஜூனியர். இந்தியக் கப்பல்களில் அவரை "பாஞ்ச் சாப்" என்று அழைப்பார்கள், ஐந்தாவது எஞ்சினியர் என்ற கணக்கில். நான்காவது எஞ்சினியர் சார் சாப், மூன்றாவது எஞ்சினியர் தீன் சாப், எல்லோருக்கும் மேலே சீஃப் எஞ்சினியர் படா சாப்.

ஜூனியருக்கு முதல் சில வாரங்களில் தரப்படும் வேலை வெளியிலிருந்து பார்த்தால் எளிதாகத் தெரியும். எஞ்சின் அறையில் ஓடும் ஒவ்வொரு குழாயையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கையால் தொட்டுக்கொண்டே போய், வால்வுகளைக் குறித்து, தானே படம் வரைய வேண்டும். எரிபொருள், குளிர்நீர், கடல்நீர், காற்று என்று ஒவ்வொரு லைனாக முடிக்க வேண்டும். தளத்தகட்டுக்கு அடியில் குனிந்து, வெப்பத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் செய்கிற வேலை இது. ஆனால் இருட்டில், புகையில், எந்த வால்வை மூட வேண்டும் என்பது இப்படி வரைந்தவருக்குத்தான் தெரியும். வரைபடத்தைப் பழைய ஜூனியரிடமிருந்து பார்த்து எழுதினால் சீஃப் எஞ்சினியர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் காலத்தில் இரண்டு ஆவணங்கள் உருவாகின்றன. ஒன்று, பயிற்சிப் பதிவேடு. செய்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் அதில் கப்பலின் மூத்த எஞ்சினியர் கையொப்பமிட வேண்டும். மற்றது, கடலில் இருந்த நாட்களின் சான்று. உலகக் கப்பல்கள் அனைத்துக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை இந்த நாட்களைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. கல்லூரிப் பாதையில் வந்தவருக்குப் பட்டறைப் பயிற்சியும் கடலும் சேர்ந்து 12 மாதம் வேண்டும். அதில் குறைந்தது 6 மாதமாவது எஞ்சின் அறைக் கண்காணிப்பில் கடலில் கழிந்திருக்க வேண்டும். கப்பலின் உந்துசக்தி 750 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. ஆறு மாதத்துக்குப் பத்து நாள் குறைவாக இறங்கிவிட்டால் தேர்வு எழுத முடியாது. அந்தப் பத்து நாளுக்காக இன்னொரு கப்பல் ஏற வேண்டியிருக்கும். இறங்கும்போது சான்றில் பதவி, தேதிகள், எஞ்சின் வகை, கிலோவாட் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கேப்டனும் சீஃப் எஞ்சினியரும் வேறு கப்பலுக்குப் போனபின் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவது பெரும்பாடு.

இனி கிளாஸ் ஃபோர் தேர்வு. எழுத்துத் தேர்வுகளும் வாய்மொழித் தேர்வுகளும் உண்டு. பியூரிஃபையர் கேள்விக்கு இங்கே எதிர்பார்க்கப்படுவது கைவேலை தெரிந்தவரின் பதில். முதலில் எப்படித் தெரிந்துகொள்வது? சுத்த எண்ணெய் வெளியேறும் குழாயில் அழுத்தம் விழும், அலாரம் அடிக்கும், கசடுத் தொட்டியின் மட்டம் வேகமாக ஏறும். உடனே எண்ணெய் வரத்தை நிறுத்த வேண்டும். பிறகு காரணம் தேட வேண்டும். எண்ணெய் போதிய அளவு சூடாகாமல் கெட்டியாக வந்ததா? வரத்து அதிகமா? எண்ணெயின் அடர்த்திக்குப் பொருந்தாத, பெரிய துளையுள்ள கிராவிட்டி டிஸ்க் போட்டிருக்கிறதா? கிண்ணத்தை மூடி வைக்கும் நீர் வரத்து குறைந்ததா, சீலிங் ரிங் தேய்ந்ததா? உள்ளே தட்டுகளில் கசடு அடைத்திருக்கிறதா? திறந்து பார்ப்பதென்றால் கிண்ணம் முற்றிலும் நின்றபின்தான். வேகம் குறைந்ததுபோல் தெரிவதை நம்பித் திறந்தவர்களுக்குக் கையே போகலாம். பூட்டு வளையத்தின் மரை பெரும்பாலும் இடது பக்க மரை. அது தெரியாமல் வழக்கமான திசையில் பலம் போட்டால் இன்னும் இறுகும்.

தேர்ச்சி பெற்றவர் நான்காவது எஞ்சினியராகிறார். பியூரிஃபையர், கம்ப்ரஸர், பம்புகள் பெரும்பாலும் அவர் பொறுப்பில் வரும். மூன்றாவது எஞ்சினியருக்கு ஜெனரேட்டரும் பாய்லரும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும். ஆட்கள் கண்காணிக்கும் கப்பலில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நான்காவது, பன்னிரண்டிலிருந்து நான்கு வரை மூன்றாவது, நான்கிலிருந்து எட்டு வரை இரண்டாவது எஞ்சினியர் என்று பகலும் இரவும் முறை போகும். இரவில் ஆளில்லாமல் ஓடும் நவீன எஞ்சின் அறைகளில், அன்றைய முறைக்காரரின் அறையில் அலாரம் அடிக்கும். எழுந்து ஓட வேண்டியவர் அவர்.

கிளாஸ் டூ எழுத, கிளாஸ் ஃபோர் சான்றோடு குறைந்தது 12 மாதம் எஞ்சினியராகக் கடலில் இருந்திருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் அடிப்படை. ஒரு பயணம் நான்கைந்து மாதம், நடுவில் மூன்று மாத விடுப்பு என்று வைத்தால், பன்னிரண்டு மாதம் சேர இரண்டு ஆண்டுக்கு அருகில் ஆகிவிடும். அதன்பின் கரையில் ஆயத்தப் படிப்பு, தேர்வுகள். மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் இருக்க வேண்டிய காலம் இது. பலர் தயங்கி நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். வீட்டுக்கடன், திருமணம் எல்லாம் ஒன்றாக வரும் வயதும் அதுதான். கிளாஸ் ஃபோருக்குப் பின் சேமிப்பின் ஒரு பகுதியை இந்தத் தேர்வுக் காலத்துக்கென்றே ஒதுக்கிவைத்தவர்கள் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

கிளாஸ் டூவில் அதே கேள்விக்குப் பதில் வேறு. இரண்டாவது எஞ்சினியர் எஞ்சின் அறையின் அன்றாட நிர்வாகி. ஒரு பியூரிஃபையர் நின்றால் மற்றது எஞ்சினின் தேவைக்கு ஈடுகொடுக்குமா, சுத்த எண்ணெய்த் தொட்டியில் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு இருக்கிறது, பழுது பார்க்க எந்த உதிரி பாகம் கையிருப்பில் உண்டு, இரவு முழுக்க விழித்த நான்காவது எஞ்சினியரைக் காலையில் இந்த வேலையில் இறக்கலாமா, வேலைக்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பலகை மாட்டியாயிற்றா என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. ஆட்களின் ஓய்வு நேரம் சட்டப்படி கணக்கிடப்படுகிறது. அதை மீறினால் துறைமுகத்தில் சோதனைக்கு வரும் அதிகாரிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சீஃப் எஞ்சினியர் சான்றுக்கு, அதாவது கிளாஸ் ஒன்னுக்கு, 36 மாதக் கடற்பணி. அதில் 12 மாதம் இரண்டாவது எஞ்சினியராக இருந்திருந்தால் மொத்தம் 24 மாதம் வரை குறைக்கலாம் என்று உடன்படிக்கை சொல்கிறது. ஒரு மெக்கானிக்கல் பட்டதாரி 22 வயதில் தொடங்கினால், ஜி.எம்.இ., காத்திருப்பு, முதல் கப்பல், கிளாஸ் ஃபோர் முடிய 25 ஆகும். எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தால் 28 வாக்கில் கிளாஸ் டூ, முப்பதுகளின் தொடக்கத்தில் கிளாஸ் ஒன். சான்று கையிலிருந்தாலே பதவி வந்துவிடாது. காலியிடமும் நிறுவனத்தின் நம்பிக்கையும் சேர வேண்டும்.

சீஃப் எஞ்சினியரிடம் கேட்கும்போது அதே பியூரிஃபையர் கப்பலுக்கு வெளியேயும் நீள்கிறது. திரும்பத் திரும்ப ஓவர்ஃப்ளோ ஆகிறதென்றால் வாங்கிய எரிபொருளே மோசமா? சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கித் துகள்கள் எண்ணெயில் வந்துவிடுவதுண்டு. அலுமினியமும் சிலிக்கானும் கலந்த, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அரித்துவிடும். வாங்கும் எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை சர்வதேசத் தரம் அனுமதிக்கிறது. எஞ்சினுக்குள் போகும்போது 15க்கும் கீழே இருக்க வேண்டும். இடைவெளியைக் குறைப்பது பியூரிஃபையர்தான். ஆகவே சீஃப் எஞ்சினியர் இரண்டு இயந்திரங்களையும் குறைந்த வரத்தில் ஓட்டச் சொல்வார், ஆய்வக அறிக்கையைப் பார்ப்பார், எரிபொருள் மாதிரியைப் பத்திரப்படுத்துவார். அந்த மாதிரியை 12 மாதமும், எரிபொருள் விநியோகச் சீட்டை மூன்று ஆண்டும் வைத்திருக்க வேண்டும்.

ஓவர்ஃப்ளோவில் கொட்டிய எண்ணெய் கசடுத் தொட்டியில் நிறைந்திருக்கிறது. அதை எரித்தாலும் துறைமுகத்தில் ஒப்படைத்தாலும் எண்ணெய்ப் பதிவேட்டில் அளவோடு எழுத வேண்டும். கடலில் விடப்படும் நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டக் கூடாது. இதைத் தவிர்க்கத் திருட்டுக் குழாய் பொருத்திப் பதிவேட்டில் பொய் எழுதிய சீஃப் எஞ்சினியர்கள் அமெரிக்க நீதிமன்றங்களில் சிறைத்தண்டனை பெற்றிருக்கிறார்கள். படா சாப் என்ற மரியாதைக்குள் இந்தக் கையெழுத்தின் பாரமும் அடங்கியிருக்கிறது.

இந்தப் பாதையில் மிகக் கடினமான கட்டம் எது என்று என்னைக் கேட்டால், தேர்வுகளைச் சொல்ல மாட்டேன். படிப்பு முடித்தபின் அந்த முதல் ஆறு மாதக் கப்பலைப் பெறுவதுதான். படித்து வெளிவருகிற அனைவருக்கும் பயிற்சி இடம் இல்லை. அந்தப் பதற்றத்தைத் தரகர்கள் காசாக்குகிறார்கள். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, சான்றுக்குக் கணக்கில் வராத சிறு படகிலோ, பெயர் தெரியாத கப்பலிலோ ஏற்றிவிடுவார்கள். வேலைக்கு ஆளெடுக்கக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசச் சட்டம். மருத்துவச் சான்று, கடற்பணிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு மட்டுமே அவருடையது. இந்தியாவில் ஆளெடுக்கும் நிறுவனம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். மகனையோ மகளையோ இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தக் கப்பல் நிறுவனம் பயிற்சி இடம் தருவதாக எழுத்தில் சொல்கிறது என்று கேளுங்கள். எழுத்தில் தராதவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.