ஆறே கால் வகுப்புக்கு ஒரு கடிதம்

எதிர்வீட்டுத் தம்பி கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறான். டிப்ளமோ முடித்தவன். பகுதிநேர பி.இ.யில் இடம் கிடைத்துவிட்டது. ஏழு பருவம், மூன்றரை ஆண்டுப் படிப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.15க்கு வகுப்பு. அலுவலக நேரமோ காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. மேலாளருக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டி, "அண்ணே, இது போதுமா?" என்று கேட்டான்.

"மேற்படிப்பு படிக்க இருப்பதால் தினமும் சீக்கிரம் செல்ல அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தான். பணிவில் குறையில்லை. ஆனால் மேலாளர் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எத்தனை மணிக்குப் போவான்? வேலை நேரம் குறையுமா? அவன் போன பிறகு வருகிற வேலையை யார் பார்ப்பது? எத்தனை நாளைக்கு? எதற்கும் கடிதத்தில் பதில் இல்லை. அப்படிப்பட்ட கடிதத்துக்குப் பெரும்பாலும் "பார்க்கலாம்" என்பதுதான் பதிலாக வரும்.

எழுதுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். அலுவலகத்திலிருந்து கல்லூரிக்கு முக்கால் மணி நேரம். பேருந்து தாமதமானாலும் சமாளிக்க இன்னொரு கால் மணி. ஆக, 5.15க்குக் கிளம்பியாக வேண்டும். மாலையில் விடுகிற ஒன்றே கால் மணியைக் காலையில் ஈடுகட்ட 8.15க்கு வர வேண்டும்.

"மதிய இடைவேளையை விட்டுவிடுகிறேன், ஒரு மணி நேரம் மிச்சமாகுமே" என்றான் தம்பி. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இவனுடைய அலுவலகத்துக்குப் பொருந்தும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, அதற்கு இடம் தருவதில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால், இடையே ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. தொழிற்சாலைகளுக்கு விதி வேறு. ஆகவே 8.15க்கு வருகிறவன் வழக்கம்போல 1.30க்குச் சாப்பிடப் போக முடியாது. 12.15க்கே இடைவேளை எடுக்க வேண்டும். பிறகு 1.15 முதல் 5.15 வரை வேலை. முன்னால் நான்கு, பின்னால் நான்கு என எட்டு மணி நேரம் சரியாக வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கோடு கடிதத்தைத் திருத்தினோம்:

"பொருள்: மாலை வகுப்புக்காகப் பணி நேரத்தை மாற்றக் கோருதல்.

ஐயா, எனக்குப் பகுதிநேர பி.இ. படிப்பில் இடம் கிடைத்துள்ளது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.15க்கு வகுப்பு தொடங்கும். அந்த ஐந்து நாள்களில் மட்டும் என் பணி நேரத்தைக் காலை 8.15 முதல் மாலை 5.15 வரை என மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். மதிய இடைவேளையை 12.15க்கு எடுத்துக்கொள்வேன். எட்டு மணி நேர வேலை குறையாது. சனிக்கிழமை வழக்கமான நேரமே தொடரும். 5.15க்குப் பிறகு வரும் அவசரத் திருத்தங்களைப் பக்கத்து இருக்கைச் சக ஊழியர் கவனிக்கச் சம்மதித்துள்ளார். காலையில் வருபவற்றை நான் முடித்துத் தருவேன். முதல் மூன்று மாதம் அனுமதித்துப் பார்த்து, பிறகு தாங்கள் முடிவு செய்யலாம். படிப்பு ஏழு பருவம். சேர்க்கைக் கடிதமும் வகுப்பு அட்டவணையும் இணைத்துள்ளேன்."

இதில் அதிகம் பலன் தருவது அந்த மூன்று மாத வரிதான். மூன்றரை ஆண்டுக்குச் சரி என்று சொல்ல எந்த மேலாளரும் தயங்குவார். மூன்று மாதம் பார்க்கலாம் என்றால் தயக்கம் குறையும். சக ஊழியரைப் பற்றிய வரியையோ, அவரிடம் நிஜமாகவே பேசிவிட்ட பிறகுதான் எழுத வேண்டும். மேலாளர் முதலில் விசாரிப்பது அவரைத்தான். 8.15க்கு அலுவலகம் திறந்திருக்குமா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மேலாளர் வாயால் "சரிப்பா, போய்ட்டு வா" என்று சொல்வதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவிக்கு அது தெரியாதே. அதில் பழைய நேரமே இருந்தால், தினமும் 5.15க்குக் கிளம்புவது முன்கூட்டியே வெளியேறியதாகப் பதிவாகும். மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன் என்றால் இரண்டே நாளில் தீர்ந்து, மூன்றாம் நாளிலிருந்து அரை நாள் சம்பளம் பிடிபடலாம். அதனால் ஒப்புதலை எழுத்தில் வாங்கி, மனிதவளப் பிரிவுக்கு ஒரு நகல் கொடுத்து, கருவியில் தன் பெயருக்கான நேரத்தை மாற்றச் சொல்ல வேண்டும். மேலாளர் மாறினாலும் அந்தத் தாள்தான் பேசும்.

இந்த மாற்றத்தைத் தந்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. மறுக்கவும் செய்யலாம். அதனால்தான் தம்பியிடம், கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்றைக்கு என்று கேட்டேன். "அடுத்த வெள்ளிண்ணே" என்றான். அப்படியானால் கடிதம் நாளைக் காலையே மேலாளர் மேசைக்குப் போக வேண்டும் என்றேன்.