பலகையின் ஓரத்தில் ஒரு பழுப்பு நிழல்

உறவினர் ஒருவர் செக்கு எண்ணெய்க் கடை தொடங்கினார். திறப்பு விழாவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க, கடையின் சின்னம் பொறித்த காய் நறுக்கும் பலகை 40, மரப்பேனா 40 வேண்டும் என்றார். ஒரு வட்டம், அதற்குள் மரச்செக்கின் கோட்டுருவம், கீழே கடைப் பெயர். அவ்வளவுதான் சின்னம். அந்த வேலையை மேற்பார்க்கப் போனதால்தான் கோவையில் ஒரு லேசர் பட்டறையில் இரண்டு நாள் உட்கார வாய்த்தது.

முதல் மாலை இரண்டு மாதிரிப் பலகைகளை என் முன் வைத்தார்கள். இரண்டும் தேக்கு. ஒன்றில் செக்கு கறுப்பாக, வெட்டினாற்போலத் தெளிவாக இருந்தது. மற்றதில் எழுத்தைச் சுற்றி மங்கலான பழுப்பு நிழல் படிந்து, பழைய காகிதத்தில் மை கசிந்ததுபோல் இருந்தது. “தம்பி, இது மெஷின் கோளாறா?” என்று கேட்டேன். பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பருத்தித் துணியால் நிழலை ஒரு தரம் துடைத்தார். மேல்பக்க நிழல் துணியோடு வந்துவிட்டது. எழுத்தின் இடமும் வலமும் ஒட்டியிருந்த நிழல் அப்படியே நின்றது. “துணியில வந்தது புகை சார். வராம நிக்கிறது சூடு” என்றார்.

மரத்தில் லேசர் பொறித்த எதைக் கையில் எடுத்தாலும் இந்த ஒரு சோதனை போதும், வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துவிடும். பார்வைக்கு இரண்டு நிழலும் ஒன்றுபோல இருக்கும். பிறந்த விதம் வேறு, தீர்க்கும் வழியும் வேறு.

புகை நிழலை முதலில் பார்ப்போம். மரம் எரியும்போது எழும் புகையில் தார் போன்ற பிசுபிசுப்பான துளிகள் கலந்திருக்கும். அவை பக்கத்திலிருக்கும் குளிர்ந்த மரப்பரப்பில் போய்ப் படியும். மெஷினின் புகைப்போக்கி எந்தப் பக்கமோ, நிழலும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே பக்கம் மட்டும் கறை இருந்தால் அது புகைதான் என்று துடைக்காமலே சொல்லலாம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் இந்தக் கறையும் அதிகம். இதற்குப் பட்டறையில் இரண்டு வேலை செய்தார்கள். பலகையின் மேல் மாஸ்கிங் டேப்பைக் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டி, டேப்பின் மேலேயே பொறித்தார்கள். கறை டேப்போடு உரிந்து வந்துவிடும். அடுத்தது, புகைப்போக்கி பின்னால் இருப்பதால் சின்னத்தை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகப் பொறித்தார்கள். அப்போது புகை இன்னும் பொறிக்காத பகுதியின் மேல்தான் போகும். பொறித்து முடித்த நுணுக்கமான கோடுகளில் படியாது.

சூட்டு நிழல் இப்படித் துடைத்துப் போவதில்லை, ஏனென்றால் அது மரத்தின் மேல் படிந்த ஒன்றல்ல, மரமே நிறம் மாறியது. மரம் முக்கியமாக மூன்று பொருள்களால் ஆனது: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இவற்றில் எளிதாகச் சிதையக்கூடிய ஹெமிசெல்லுலோஸ் முதலில் உடையத் தொடங்கும். மரம் பழுக்கும். 300-க்கு மேல் செல்லுலோஸும் சிதைந்து கரியாகும். வேர்க்கடலை வறுக்கும்போது பொன்னிறம், பழுப்பு, கறுப்பு என்று போகுமே, அதே படிநிலைதான். லேசர் கதிர் விழும் புள்ளியின் நடுவில் மரம் ஆவியாகிப் பள்ளமாகிறது. பள்ளத்தின் அடியிலும் சுவரிலும் கரி நிற்கிறது. அதைத் தாண்டி, சூடு மட்டும் போய்ச் சேர்ந்து கதிர் போகாத ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது. கருகிய ஓரத்தின் பழுப்பு அதுதான்.

இந்த வளையம் எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிப்பது சூட்டின் அளவு மட்டுமல்ல, சூடு தங்கும் நேரமும்தான். பட்டறையில் இருந்தது 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இந்த வகை லேசரை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரம் அதைத் தோலளவிலேயே விழுங்கிக்கொள்ளும். அந்த லேசரில் ஒரே தேக்குத் துண்டின் மேல் இரண்டு சதுரங்களை எனக்காகப் பொறித்துக் காட்டினார்கள். முதல் சதுரத்துக்கு 15 சதவீத பவர், வினாடிக்கு 150 மில்லிமீட்டர் வேகம். இரண்டாவதற்கு 45 சதவீத பவர், 450 மில்லிமீட்டர் வேகம். கோட்டுக்குக் கோடு இடைவெளி இரண்டிலும் 0.1 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழுந்த ஆற்றல் இரண்டிலும் ஒன்றே, 0.6 ஜூல். ஆனால் மெதுவாகப் போன சதுரம் கறுத்து, ஓரம் பழுப்பேறி இருந்தது. வேகமாகப் போனது ஆழமாக வெட்டி, நிறம் வெளிறி, ஓரம் சுத்தமாக இருந்தது. மெதுவாகப் போகும்போது சூடு பக்கவாட்டில் ஊர்ந்துபோக நேரம் கிடைக்கிறது. வேகமாகப் போகும்போது கரியாவதற்குள் மரம் ஆவியாகிக் கிளம்பிவிடுகிறது.

இடமும் வலமும் மட்டும் நிழல் நின்றது ஏன் என்பதும் அப்போது புரிந்தது. மர இழை ஓடும் திசையில் சூடு, குறுக்குத் திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு எளிதாகக் கடக்கும். அந்தப் பலகையில் இழை எழுத்தின் வரிசையோடு ஒத்து ஓடியது. அதனால் ஒவ்வொரு எழுத்தின் பக்கங்களும் பழுத்தன, மேலும் கீழும் தப்பித்தன.

இனி ரேகை. என் கண்ணுக்கு அதுதான் இந்த வேலையின் அழகே, பட்டறைக்காரர் கண்ணுக்கு அதுதான் தலைவலி. ஒரு மரம் வளரும் பருவத்தின் தொடக்கத்தில் இடும் அடுக்கும் பிற்பகுதியில் இடும் அடுக்கும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. பைன் மரத்தில் இந்த வேறுபாடு மிகக் கடுமை. முன்பருவ அடுக்கு மென்மையாகக் குழிந்துபோகும், பின்பருவ அடுக்கு அடர்த்தியாக எழும்பி நிற்கும். அதனால் நிரப்பிய வட்டம் ஒன்றைப் பைனில் பொறித்தால் உழுத வயல்போல வரப்புகள் தெரியும். பவரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. பவர் கூடக் கூட மென்மையான அடுக்குதான் இன்னும் ஆழமாகப் போகும், வரி இன்னும் தூக்கலாகும். ரப்பர் மரம் வெளிர் நிறம், ஓரளவு சீரான உடல், அதில் சின்னம் தெளிவாக எடுபடும். தேக்கு இரண்டுக்கும் நடுவே. வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றின் மேல் விழும் மெல்லிய கோடு அறுந்துபோகும்.

எங்கள் சின்னத்தில் செக்கின் உலக்கை வெறும் 0.2 மில்லிமீட்டர் கோடாக இருந்தது. முதல் மாதிரியில் அது இரண்டு இடத்தில் காணாமல் போயிருந்தது. மெஷினில் எதையும் மாற்றாமல், கோட்டை 0.5 மில்லிமீட்டராகத் தடிமனாக்கினோம். வட்டத்தை நிரப்பாமல் கோடாக விட்டோம். நிரப்பிய பரப்பு குறையக் குறைய ரேகை குறுக்கே வந்து சண்டை போடாது, பின்னணியில் ஓடி அழகு சேர்க்கும். ரேகையுள்ள மரத்துக்கான சின்னத்தை வரைபவர் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடலாம்.

முடிவில் எடுத்த அளவு இது. சின்னம் 70 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். பவர் 30 சதவீதம், வேகம் 300. கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 450 கோடுகள். பலகைக்கு மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. உறவினருக்கோ அந்தக் கருகிய ஓரம் பிடித்திருந்தது, கொஞ்சம் வேண்டும் என்றார். அதற்காக மெதுவாகப் பொறித்து எல்லா எழுத்தையும் கசியவிட வேண்டியதில்லை. சின்னத்தைச் சுத்தமாகப் பொறித்து முடித்தபின், லென்ஸை நான்கு மில்லிமீட்டர் உயர்த்தி ஃபோகஸைக் குலைத்து, குறைந்த பவரில் வெளி வட்டத்தை மட்டும் ஒரு சுற்று ஓடவிட்டார்கள். கதிர் அகன்று விழுவதால் மரம் வெட்டுப்படாமல் வறுபட மட்டும் செய்தது. வட்டத்தைச் சுற்றி மென்மையான பழுப்பு வந்தது. துடைத்துப் பார்த்தேன், துணியில் எதுவும் வரவில்லை.

பேனா தனி வேலை. உருண்டைப் பரப்பு என்பதால் நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரம் விலகிப் போகிறது. 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேனாவில், நடுக்கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளினால் பரப்பு 0.4 மில்லிமீட்டர்தான் தாழ்கிறது. 3 மில்லிமீட்டர் தள்ளினால் 0.9 தாழ்கிறது. ஆகவே 4 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கும் பெயரைப் பேனாவை அசையாமல் வைத்தே பொறிக்கலாம். அதற்கு மேல் போனால் பேனாவை உருட்டிக்கொடுக்கும் ரோட்டரி வேண்டும். எங்களுக்குக் கடைப்பெயர் மட்டும் போதுமாக இருந்தது. செக்கு உருவத்தைப் பேனாவில் விட்டுவிட்டோம். அந்த அளவில் அது ஒரு கரிப்புள்ளியாகத்தான் தெரியும். முதல் கட்டுப் பேனாக்களில் எழுத்தின் ஓரம் பொரிந்து மஞ்சளாக எழும்பியது. மரத்தின் மேல் பூசிய லாக்கர் வெந்ததுதான் காரணம். பூச்சில்லாத பேனாக்களை வாங்கிப் பொறித்துவிட்டு, பிறகு மெழுகு பூசினார்கள்.

பலகைக்குச் சமையலறை சார்ந்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. பொறித்த பள்ளத்தில் காய்ச்சாறும் துணுக்கும் தங்கும். எனவே சின்னம் ஆழமில்லாமல், கத்தி படாத மூலையில் அல்லது பின்பக்கத்தில் இருக்க வேண்டும். தளர்ந்த கரியை மென்மையான பிரஷால் தட்டி எடுத்து, ஈரத்துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். வார்னிஷ் கூடாது, கத்தி பட்டால் செதிலாகப் பெயர்ந்து உணவில் சேரும். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் தடவினால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். செக்கு எண்ணெய்க் கடைக்காரருக்கு இதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. கடைசியில் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்கி வந்தார்.

அதைத் தடவியபோதுதான் கடைசிப் பாடம் கிடைத்தது. எண்ணெய் குடித்த தேக்கு இரண்டு மடங்கு கறுத்தது. பொறித்த எழுத்து கறுக்கவில்லை, அது ஏற்கெனவே கரி. காய்ந்த பலகையில் பளிச்சென்று நின்ற பெயர் எண்ணெய்க்குப் பின் பாதி அடங்கிப்போனது. நல்லவேளை, அது மாதிரிப் பலகை. பட்டறைக்காரர் மீண்டும் ஒரு தேக்குத் துண்டை எடுத்தார். வேகத்தை 300, 250, 200 எனக் குறைத்து மூன்று சிறு சதுரங்கள் பொறித்தார். மூன்றுக்கும் எண்ணெய் தடவி, கால்மணி நேரம் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார். நடுவிலிருந்த 250-ஐத் தேர்ந்தெடுத்தோம். மறுநாள் 40 பலகையும் அந்த அளவில்தான் ஓடின. ஒவ்வொன்றிலும் ரேகை வேறு பக்கம் வளைந்து ஓடியது, பழுப்பு வட்டம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அகலத்தில் நின்றது.