இடவப்பாதியும் மெக்கர் முள்ளும்

அமரவிளைப் பக்கத்தில் நெய்யாற்றங்கரை வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாமழை. மழைக்காலத்தில் இறைக்க வேண்டியதில்லை. மோட்டார் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அதுதான் ஆபத்து. ஓடும் மோட்டாரின் சூடு ஈரத்தை அண்டவிடாது. குளிர்ந்து கிடக்கும் காயிலிலோ, வார்னிஷின் நுண்ணிய வெடிப்புகள் வழியாக ஈரம் ஊறி, கம்பிக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே மின்சாரம் கசிய வழி செய்துவிடும். மழை விட்டதும் நேரே ஸ்டார்ட்டரைத் தட்டினால் ‘பாடி அடிக்கும்’, இல்லையென்றால் காயில் கருகும்.

தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் மெக்கர் வைத்துப் பார்க்கலாம். 415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் நேர்மின்சாரம் போதும். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்டார்ட்டரிலிருந்து வரும் கேபிளை மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் பார்த்தால், மண்ணுக்குள் கிடக்கும் கேபிளின் பலவீனம் காயிலின் கணக்கில் ஏறிவிடும். ஒரு முனை காயிலில், மறுமுனை மோட்டார் உடலில். உடலில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் கவ்வ வைக்க வேண்டும். பெயின்ட்டின் மேல் கவ்வினால் முள் முடிவிலியில் போய் நிற்கும், காயில் பிரமாதம் என்று நாமும் நம்பிவிடுவோம்.

ஒரு நிமிடம் காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வோல்ட் கொடுத்ததும் காப்புப் பொருள் கொஞ்சம் மின்னோட்டத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது மெல்ல மெல்லக் குறையக் குறைய, மெகோம் எண் ஏறிக்கொண்டே வரும். ஈரமான காயிலில் கசிவே பெரும்பங்கு என்பதால் எண் அவ்வளவாக ஏறாது, தொடங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். முள் ஏறும் விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பெரிய மோட்டார்களில் 10 நிமிட எண்ணை 1 நிமிட எண்ணால் வகுத்து, குறைந்தது 2 வருகிறதா என்று பார்ப்பார்கள். தோட்டத்து மோட்டாரில் இந்த ஏற்றம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடுவதால், அரை நிமிடத்திலும் ஒரு நிமிடத்திலும் பார்த்தாலே போதும்.

எவ்வளவு இருந்தால் நல்லது? ஐஇஇஇ 43 என்ற வழிகாட்டி, இந்த வகைச் சிறு மோட்டார்களுக்கு 40 டிகிரியில் குறைந்தது 5 மெகோம் வேண்டும் என்கிறது. அந்த ‘40 டிகிரி’யைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காயில் 10 டிகிரி சூடேறினால் மெகோம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். காலையில் 30 டிகிரியில் 200 மெகோம் காட்டிய மோட்டார், ஓடி நின்றவுடன் காயில் 60 டிகிரியில் இருக்கையில் 25 தான் காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. 40 டிகிரிக்குக் கணக்கிட்டால் 200-இல் பாதி 100. 25-ஐ நாலால் பெருக்கினாலும் 100. மோட்டார் மாறவில்லை.

ஆகவே நோட்டில் எண்ணோடு காயிலின் சூட்டையும் எழுத வேண்டும். ஓர் உதாரணம்: எல்லாம் 40 டிகிரிக்கு மாற்றிய எண்கள். பிப்ரவரியில் 100, ஜூலையில் 12, மறு பிப்ரவரியில் 95. ஜூலைச் சரிவு வெறும் ஈரம். காய்ந்ததும் எண் திரும்பிவிட்டது. இன்னொரு மோட்டாரில் பிப்ரவரி எண்களே வருஷாவருஷம் 100, 60, 30 என்று இறங்குகின்றன. ஜூலை எண் முதல் மோட்டாரைப் போலவே 12 என்று இருந்தாலும் இதுதான் நோயாளி. காயிலில் எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ படிந்திருக்கலாம், வார்னிஷே முதுமையடைந்திருக்கலாம். 30 என்பது 5-க்கு எவ்வளவோ மேல் என்று சமாதானம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஜூலையை ஜூலையோடும் பிப்ரவரியைப் பிப்ரவரியோடும் ஒப்பிட்டால்தான் இது கண்ணில் படும்.

5-க்குக் கீழே போனால் உடனே காயில் கட்டக் கொடுக்க வேண்டியதில்லை. மோட்டாரைப் பிரித்து, வைண்டிங் கடை ஓவனில் மிதமான சூட்டில் காயவைத்து, இடையிடையே மெக்கர் பார்க்கலாம். முதலில் எண் இன்னும் இறங்கும். சூடு ஏறுகிறது, ஈரமும் உள்ளே பரவுகிறது. அங்கே பதறிக் கைவிடுகிறவர்கள் உண்டு. தொடர்ந்தால் எண் திரும்பி ஏறி, ஓரிடத்தில் நிலைகொள்ளும். எவ்வளவு காய்ந்தும் ஏறவில்லை என்றால்தான் கோளாறு ஈரத்தில் இல்லை.

மெக்கருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஒரே காயிலின் இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால், உடலுக்குக் கசிவு இல்லாததால் அது 100 மெகோம் என்றே காட்டும். மோட்டார் உறுமலோடு சூடேறி, மூன்று பேஸிலும் ஆம்பியர் ஒரே அளவில் இல்லாவிட்டால், மெக்கரை வைத்துவிட்டு கிளாம்ப் மீட்டரை எடுக்க வேண்டும்.