எட்டும் சுரமும் தங்கும் சுரமும்

கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்கு ஒரு வசதி உண்டு. ஆண் ஒரு கட்டையிலும் பெண் ஐந்தரைக் கட்டையிலும் சுருதி வைத்துக்கொண்டு அதே கீர்த்தனையைப் பாடிவிடலாம். நான்கு குரல் கொயரில் அது நடக்காது. ஒவ்வொரு குரலுக்கும் உரிய சுரங்களை இசையமைப்பாளர் எழுதி வைத்துவிட்டார். ஆகவே, புதிதாக வருபவரை எந்தக் குரலில் நிறுத்துவது என்பதைக் கொயர் மாஸ்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பியானோவின் நடுவிலுள்ள ‘சி’யை அடையாளமாகக் கொள்வோம். சோப்ரானோ அங்கே தொடங்கி அடுத்த ஸ்தாயியின் ‘ஏ’ வரை போகும். ஆல்டோவின் எல்லை அதைவிட நாலைந்து சுரம் கீழே. டெனர் நடு ‘சி’க்கு ஒரு ஸ்தாயி கீழே தொடங்கி, அதற்கு மேலுள்ள ‘ஜி’யைத் தொடும். பேஸுக்கு நடு ‘சி’யே ஏறக்குறைய உச்சி.

டெனராகச் சேர ஓர் இளைஞர் வருகிறார் என்று வையுங்கள். மாஸ்டர் ‘மா’ என்ற அசையில் ஐந்து சுரங்களை ஏறி இறங்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அரைச் சுரம் உயர்த்துவார். நடு ‘சி’ வரை குரல் தாராளமாக வருகிறது. அடுத்த ‘டி’யில் தாடை மேலே தூக்குகிறது, கழுத்து நரம்பு தெரிகிறது. ‘எஃப்’ வந்ததும் சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவிவிடுகிறார். கீழே இறங்கினால் ‘ஜி’ வரை கனம் இருக்கிறது. அதற்கும் கீழே வெறும் காற்றுதான்.

“மேல் ‘ஜி’ கூட எனக்கு எட்டும் சார்” என்பார் இளைஞர். எட்டலாம். ஆனால் டெனர் வரி அந்த உயரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்குவதில்லை, நடு ‘சி’யைச் சுற்றியே பக்கம் பக்கமாக நிற்கும். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் சோப்ரானோக்கள் உச்ச ‘ஏ’யைப் பல தாளக்கட்டுகளுக்குப் பிடித்து நிற்க வேண்டும், அங்கே ஒரு நொடி எட்டிப் பிடிப்பவரால் பயனில்லை. எனவே மாஸ்டர் தெரிந்த பாட்டு ஒன்றை இரண்டு சுருதிகளில் பாடவைத்து, குரல் எதில் நிறைந்து ஒலிக்கிறது என்று கேட்பார். நம் இளைஞருக்குத் தாழ்ந்த சுருதியில்தான் நிறைகிறது. அவர் உண்மையில் பாரிடோன், அதாவது இரண்டுக்கும் இடைப்பட்ட குரல். நான்கு குரலில் அதற்குத் தனி இடம் இல்லாததால் பேஸுக்குப் போகிறார்.

ஆண்களில் பெரும்பாலோர் இப்படித்தான். டெனருக்கு ஆள் கிடைக்காத கொயர்கள் இவர்களையே மேலே தள்ளிவிடுகின்றன. பெண்கள் பக்கம் வேறொரு அநியாயம்: நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவரைக் குரலைக் கேட்காமலே ஆல்டோவில் போட்டுவிடுவார்கள், நடு வரியைத் தடுமாறாமல் பிடிப்பார் என்று.

இடம் தவறினால் ஒத்திகையிலேயே தெரியும். அரை மணியில் தொண்டை கரகரக்கும், உயர்ந்த சுரங்கள் சற்றே இறங்கி ஒலிக்கும். சளி பிடித்த நாளில் குரல் தாழ்ந்திருக்கும் என்பதால், விவரமுள்ள மாஸ்டர் முதல் நாள் முடிவைத் தற்காலிகம் என்று சொல்லியே சேர்ப்பார். குரல் உடையும் வயதுப் பையன்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பாடவைத்துப் பார்ப்பார்.